வாரத்துக்கு ஒரு வரி: சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்கு, சிட்னியிலிருந்து

மெல்போர்ன் கிளேட்டனில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு டைம்டேபிள் அனுப்பியிருந்தார். "அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. அடுத்த பிரிலிம்ஸுக்கு இது போதுமா?" திங்கள் வரலாறு, செவ்வாய் புவியியல், புதன் அரசியலமைப்பு, வியாழன் பொருளாதாரம் என்று ஏழு நாளுக்கு ஏழு பாடம். தினமும் காலை ஒரு மணி நேரம் பேப்பர். ஞாயிறு மாலை "விடை எழுதும் பயிற்சி - நேரம் இருந்தால்".

நேரம் இருக்காது தம்பி. நானும் முதல் வருஷம் அப்படித்தான் போட்டேன். ஞாயிறு மாலை வரும்போது துணி துவைக்க வேண்டியிருக்கும், ஊருக்குப் போன் பேச வேண்டியிருக்கும், மறுநாள் அலுவலகம் இருக்கும். அந்த வருஷம் முழுக்கச் சேர்த்து நான் எழுதிய விடைகள் பதினொன்று. பிரிலிம்ஸிலேயே நின்றுபோனது. இரண்டாவது தடவை மெயின்ஸ் வரை வந்தேன். இப்போது மூன்றாவது முயற்சிக்குப் படிக்கிறேன். இடைப்பட்ட காலத்தில் என் வாரம் எப்படி மாறியது என்பதைத் தம்பிக்குப் போனில் சொன்னேன். அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்கு இந்தியக் குடியுரிமை கட்டாயம். ஆஸ்திரேலிய பி.ஆர். வைத்திருப்பவர் இந்தியக் குடிமகன்தான், அதனால் தடையில்லை. இங்கே குடியுரிமை எடுத்துக்கொண்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும், ஓ.சி.ஐ. அட்டையை வைத்து இந்தத் தேர்வை எழுதி அந்தப் பணிகளுக்குப் போக முடியாது. நாலு வருஷமாகிவிட்டதே என்று இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பம் போடும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி வாரத்துக்கு வருவோம். என் மணிக்கணக்கு இது: அலுவலக நாட்களில் காலை ஐந்தேகாலிலிருந்து ஆறேமுக்கால் வரை, பிறகு வெஸ்ட்மீடிலிருந்து வின்யார்டு போகிற ரயிலிலும் திரும்பி வருகிற ரயிலிலும் அரை மணி அரை மணி, இரவு எட்டரையிலிருந்து பத்து வரை. வெள்ளி இரவு புத்தகத்தைத் தொடுவதில்லை. சனி ஆறு மணி நேரம், ஞாயிறு நாலு. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 28 மணி நேரம். சென்னையில் அறை எடுத்து முழு நேரமும் படிக்கிறவருக்கு இது மூன்று நாள் படிப்பு. ஆகவே அவருடைய டைம்டேபிளைச் சுருக்கி நாம் வைத்துக்கொள்ள முடியாது. 28 மணி நேரத்தை ஏழு பாடத்துக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நாலு மணி நேரம் வரும். நாலு மணி நேரத்தில் எதையும் படித்து, அதன் மேல் செய்தியைச் சேர்த்து, எழுதியும் பார்க்க முடியாது.

அதனால் நான் வாரத்துக்குப் பாடத்தை எடுப்பதில்லை, சிலபஸின் ஒரே ஒரு வரியை எடுக்கிறேன். யு.பி.எஸ்.சி. மெயின்ஸ் பொது அறிவுத் தாள்களின் சிலபஸ் சின்னச் சின்ன வரிகளாக இருக்கிறது. அதில் ஒரு வரி அந்த வாரத்துக்குச் சொந்தம். காலையில் படிப்பது அந்த வரி, ரயிலில் செய்தியில் தேடுவது அந்த வரி, இரவில் எழுதுவதும் அதே வரிதான். படிப்பு, நடப்பு நிகழ்வு, எழுத்து என்று மூன்று தனி வேலைகளாக வைத்திருந்தபோது எப்போதும் மூன்றாவது விழுந்துகொண்டே இருந்தது. ஒன்றாக்கிய பிறகு எழுதாமல் அந்த வாரம் முடிவதில்லை.

ஒரு வாரத்தை அப்படியே காட்டுகிறேன். இரண்டாம் தாளில், ஒன்றியம்-மாநிலங்களின் பணிகள், பொறுப்புகள், கூட்டாட்சி அமைப்பில் எழும் சிக்கல்கள் பற்றிய வரி. அதிலும் ஒரு துண்டு: மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் போனால் என்ன ஆகும்?

திங்கள் காலை புத்தகத்துக்கு முன் அரசியலமைப்பின் மூலப் பிரிவையே எடுத்தேன். பிரிவு 200 ஒரு பக்கம்கூட வராது. மசோதா வந்தால் ஆளுநர் இசைவு தரலாம், இசைவை நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். பண மசோதா அல்லாத மசோதாவை, எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இசைவை நிறுத்திவைக்கக் கூடாது. இவ்வளவுதான். அதற்குப் பிறகு பிரிவு 201, 163. பிறகுதான் லட்சுமிகாந்த் புத்தகத்தில் ஆளுநர் அத்தியாயம். மூலத்தை முதலில் படித்தால், அதில் ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ கால வரம்பு எங்கேயும் நாள் கணக்கில் இல்லை என்பது கண்ணில் படும். இந்த வாரத்தின் மொத்தப் பிரச்சினையும் அந்த இல்லாமையில்தான் இருக்கிறது.

திங்கள் இரவு பழைய வினாத்தாள்கள். எழுத அல்ல, இந்த வரியிலிருந்து ஆணையம் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க மட்டும். 2022-இல் ஆளுநரின் சட்டமியற்றும் அதிகாரம் பற்றியும், அவசரச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் வைக்காமல் மீண்டும் மீண்டும் பிறப்பிப்பது செல்லுமா என்றும் கேட்டிருந்தார்கள். "ஆளுநரின் அதிகாரங்கள் யாவை" என்று கேட்கவில்லை. அதிகாரம் எங்கே முடிகிறது என்று கேட்கிறார்கள். நம் குறிப்பும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்க வேண்டும்.

செவ்வாய் இரவே முதல் விடை. "இன்னும் முழுசாப் படிக்கலையே அக்கா" என்றார் தம்பி. படித்து முடித்த பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தால் அந்த நாள் வராது. பாதி தெரிந்த நிலையில் எழுதினால் எது தெரியவில்லை என்பது பேனா நிற்கும் இடத்தில் தெரிந்துவிடும். மறுநாள் அதை மட்டும் படித்தால் போதும்.

எழுதும் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தாள் 250 மதிப்பெண், மூன்று மணி நேரம், 20 கேள்விகள். பத்து மதிப்பெண் கேள்வி பத்து, 150 சொல்லில். பதினைந்து மதிப்பெண் கேள்வி பத்து, 250 சொல்லில். பத்து மதிப்பெண்ணுக்கு 7 நிமிடம், பதினைந்துக்கு 11 நிமிடம் என்று வைத்தால் சரியாக 180 நிமிடம் ஆகிறது. யோசிக்கும் நேரமும் அந்த ஏழு நிமிடத்துக்குள்தான். நான் தமிழில் எழுதுகிறேன். கேள்வி ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் அச்சாகி வரும், அதைப் படித்துத் தமிழில் எழுத வேண்டும். ஆரம்பத்தில் ஏழு நிமிடத்தில் எனக்குத் தமிழில் 70 சொல்தான் வந்தது. அலுவலகத்தில் வருஷக்கணக்காகத் தட்டச்சு மட்டுமே செய்த கை அது. இப்போது 110 வருகிறது. தமிழில் ஒரு சொல் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல் சொல்வதைச் சொல்லிவிடும், அதனால் 110 சொல் எனக்குப் போதுகிறது. 150-ஐத் துரத்தி எழுத்து புரியாமல் போவதைவிட இது நல்லது.

அந்தச் செவ்வாய் எனக்கு நானே வைத்துக்கொண்ட கேள்வி: மாநில மசோதாக்கள் மீது ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தின் எல்லைகளை அண்மைத் தீர்ப்புகளின் அடிப்படையில் ஆராய்க. என் விடை இப்படித் தொடங்கியது:

"இந்திய அரசியலமைப்பின் பிரிவு 153 ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆளுநர் இருக்க வேண்டும் என்கிறது. ஆளுநர் மாநிலத்தின் பெயரளவுத் தலைவர் ஆவார். அவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறார்."

மூன்று வரியிலும் தவறு இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்கூடப் பதில் இல்லை. ஏழு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் அங்கே போய்விட்டது. வியாழன் இரவு அதே கேள்வியை மறுபடி எழுதியபோது முதல் வரி இப்படி வந்தது:

"பிரிவு 200 ஆளுநருக்கு மசோதா மீது வழிகளைத் தருகிறது, ஆனால் கால வரம்பைச் சொல்லவில்லை, மசோதாவை முடக்கிவைக்கும் உரிமை இதிலிருந்து பிறக்குமா என்பதே 2023 முதல் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி."

ஒரே வாக்கியத்தில் பிரிவு, சிக்கல், காலம் மூன்றும் வந்துவிட்டன. திருத்துகிறவர் இதற்கு மேல் தேடிப் படிக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு கேள்வியையாவது இப்படி இரண்டு முறை எழுதுங்கள். நாலு புதுக் கேள்வி எழுதுவதைவிட ஒரே கேள்வியின் இரண்டு விடைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் எனக்கு எழுத்து மாறியது.

இப்போது பேப்பர். இங்கே நமக்கு நேரம் ஒரு விசித்திரம் செய்கிறது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னியும் மெல்போர்னும் இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். நான் காலை ஏழு மணிக்கு ரயில் ஏறும்போது சென்னையில் நள்ளிரவு தாண்டி ஒன்றரையோ இரண்டரையோதான் ஆகியிருக்கும். அன்றைய பேப்பர் கைக்கு வந்திருக்காது. முதலில் மதியம் சாப்பாட்டு நேரத்தில் புதுப் பேப்பரைத் திறந்து படித்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணியும் போகும், மனசும் வேலையில் ஒட்டாது. இப்போது காலையில் நேற்றைய பேப்பரைத்தான் படிக்கிறேன். தேர்வு அடுத்த வருஷம், ஒரு நாள் பழைய செய்தியால் எதுவும் குறைந்துவிடாது. நேற்று பெரிதாகத் தெரிந்தது இன்று இல்லாமல் போயிருந்தால் அதை விட்டுவிடவும் சுலபம்.

நேரலை வகுப்பில் சேர்ந்து நான் இழந்தது பெரிது. இந்திய நேரம் மாலை ஏழு மணி வகுப்பு, கோடைகாலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. இரண்டு மாதம் அப்படி உட்கார்ந்தேன். காலைப் படிப்பு முழுக்கப் போய்விட்டது. வகுப்பு வேண்டுமானால் பதிவு செய்ததை மட்டும் வாங்குங்கள்.

ரயிலில் படிப்பதை எங்கே எழுதுவது என்பதுதான் பெரிய விஷயம். மாத இதழ் மாதிரி தேதிவாரியாக எழுதினால் தேர்வுக்கு முன் அறுநூறு பக்கம் இருக்கும், எதுவும் எடுக்க வராது. சிலபஸ் வரி ஒன்றுக்கு ஒரு ஏ4 தாள். செய்தி வந்தால் அந்த வரியின் தாளுக்குப் போக வேண்டும். எந்த வரிக்கும் போகாத செய்தி நமக்கு வேண்டாத செய்தி. ஆளுநர் தாளில் நான் வைத்திருந்தவை இந்த நாலு பதிவுகள்தான்:

2023 நவம்பர் 10, பஞ்சாப் வழக்கு: இசைவை நிறுத்திவைத்தால் மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

2025 ஏப்ரல் 8, தமிழ்நாடு வழக்கு: சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பத்து மசோதாக்களுக்கு, பிரிவு 142-ஐப் பயன்படுத்தி, இசைவு கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்றது இரு நீதிபதி அமர்வு. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் ஒரு மாதம், மூன்று மாதம் என்று கால வரம்புகளையும் சொன்னது.

2025 மே 13: குடியரசுத் தலைவர் பிரிவு 143-இன் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

2025 நவம்பர் 20: ஐந்து நீதிபதி அமர்வின் கருத்துரை. நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, இசைவு கிடைத்ததாகக் கொள்வது என்பதும் கிடையாது. ஆனால் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கவும் முடியாது. காரணமில்லாமல் நீண்ட காலம் எதுவும் செய்யாமல் இருந்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம்.

இந்த நாலாவது பதிவில்தான் நான் விழுந்தேன். ஏப்ரலில் "3 மாதக் கால வரம்பு" என்று சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதிவைத்திருந்தேன். நவம்பர் முடிந்து பத்து நாளாகியும் அந்தத் தாளைத் திருத்தவில்லை. கருத்துரை வந்த செய்தியை ரயிலில் படித்தேன், ஆனால் தாள் வீட்டில் இருந்தது. பிறகு எழுதிய விடையிலும் பழைய கால வரம்பே போனது. மதுரையிலிருந்து என் விடைகளைத் திருத்தும் தங்கை அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, "அக்கா, இது இப்ப நிற்காது. நவம்பர் என்ன ஆச்சு?" என்று எழுதி அனுப்பினாள். சிவப்புக் கட்டம் போட்டதாலேயே அது உறுதியான விஷயம் மாதிரி மனசில் பதிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். நீதிமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ குழுவிடமோ இன்னும் முடியாமல் இருக்கிற எதையும் பென்சிலில்தான் எழுதுவேன், முன்னால் தேதியோடு, கீழே இரண்டு வரி இடம் விட்டு. மாதத்தின் கடைசி ஞாயிறு தாள்களைப் புரட்டி, பென்சில் வரிகளை மட்டும் பார்ப்பேன். முடிந்திருந்தால் கீழே பேனாவில் எழுதுவேன். பழையதை அழிப்பதில்லை. ஏப்ரலில் ஒன்று சொல்லி நவம்பரில் வேறு சொன்னது என்பதே விடைக்கு வேண்டிய நகர்வு. இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை.

ஆஸ்திரேலியாவில் இருப்பதால் இந்த வரிக்கு ஒரு லாபமும் கிடைத்தது. இரண்டாம் தாளில் பிற நாட்டு அரசியலமைப்புகளோடு ஒப்பிடுவதற்கென்று தனி வரி இருக்கிறது. 1901 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 58-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: இசைவு தருவது, நிறுத்திவைப்பது, அரசரின் விருப்பத்துக்கு ஒதுக்குவது, திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்புவது. நம் பிரிவு 200-இன் அண்ணன் மாதிரி இருக்கும். பிரிட்டிஷ் குடியேற்றச் சட்டங்களின் அதே வார்ப்பு இந்திய அரசுச் சட்டம் 1935 வழியாக நமக்கும் வந்தது. ஒரு விடையில் இது ஒரு வரி. கேட்காத இடத்தில் ஆஸ்திரேலியாவை நுழைக்காதீர்கள், ஒப்பீடு கேட்காத கேள்வியில் அது வெறும் இடத்தை அடைக்கும்.

சனிக்கிழமை சிட்னி மெக்குவாரி தெருவில் இருக்கும் மாநில நூலகத்துக்குப் போய்விடுவேன். மெல்போர்னில் உங்களுக்கு அந்தப் பெரிய குவிமாடத்தின் கீழ் வாசிப்பறையே இருக்கிறது. பாதி நேரம் விருப்பப் பாடம், எனக்குத் தமிழ் இலக்கியம். மீதியில் அந்த வாரத்து வரியிலிருந்து இரண்டு கேள்வி, முந்தைய வாரங்களின் வரிகளிலிருந்து எட்டு, பத்தையும் நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரத்தில். ஒரு விடை நன்றாக வருவதற்கும் பத்தாவது விடையும் நன்றாக வருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எழுதிய தாளின் மூலையில் ஒவ்வொரு விடைக்கும் ஆன நிமிடத்தைக் குறித்துக்கொள்வேன். முதல் மூன்றுக்குப் பத்துப் பத்து நிமிடம் போயிருந்தால் கடைசி இரண்டு எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பிறகு போனில் ஸ்கேன் செய்து மதுரைக்கு அனுப்புவேன், அவளுடையது எனக்கு வரும். இருவருக்கும் ஒரே விதி: கேள்வி கேட்ட எல்லாப் பகுதிக்கும் பதில் இருக்கிறதா, எந்த வரியை எடுத்தால் விடை குறையாது. இந்த இரண்டை மட்டும் குறித்துத் தர வேண்டும். மதிப்பெண் போடுவதில்லை.

ஞாயிறைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும், இதை இந்தியாவில் இருக்கும் யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டில் தேர்வு மையம் கிடையாது, பிரிலிம்ஸுக்கும் மெயின்ஸுக்கும் இந்தியா போக வேண்டும். பிரிலிம்ஸில் முதல் தாள் காலை ஒன்பதரைக்கு, சிசாட் மதியம் இரண்டரைக்கு. மே மாதத்தில் நம் உடம்புக்கு அது மதியம் இரண்டு மணியும் இரவு ஏழு மணியும். காலை ஐந்துக்கு எழுந்து பழகின உடம்பு, முந்தின வாரம்தான் வந்திறங்கியது, இரவு ஏழு முதல் ஒன்பது வரை 80 கேள்விக்கு விடை தேட வேண்டும். சிசாட்டில் 33 சதவீதம் எடுத்தால் போதும் என்று எல்லோரும் அலட்சியமாகச் சொல்வார்கள். என் முதல் முயற்சி அங்கேதான் போனது. கணக்கு தெரியாமல் இல்லை, ஒரே பத்தியை மூன்று முறை படித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் என் ஞாயிறு இப்போது காலையில் தொடங்குவதில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஒரு பொது அறிவுத் தாள், இரவு ஏழு மணிக்கு சிசாட், இரண்டையும் கடிகாரம் வைத்து. மெயின்ஸ் நெருங்கும்போது இரவுப் பகுதியை ஏழு முதல் பத்து வரை விடை எழுதுவதற்கு மாற்றிக்கொள்கிறேன், மதியத் தாள் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை என்பதால். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. ஆறாவது ஞாயிறுக்கு மேல் எட்டரை மணிக்கு வந்துகொண்டிருந்த அந்த மந்தம் வரவில்லை.

விடுமுறையையும் இந்தக் கணக்கில் சேருங்கள். முழு நேர வேலையில் வருஷத்துக்கு நாலு வாரம், அதாவது இருபது வேலை நாள்தான் சம்பளத்தோடு. 2025-இல் மெயின்ஸ் ஆகஸ்ட் 22, 23, 24, 30, 31 என்று இரண்டு வார இறுதிகளில் பரவியிருந்தது. உடம்பு நேரத்துக்குப் பழக ஒரு வாரம் முன்னால் போனால் பத்து நாள் அங்கேயே செலவு. பிரிலிம்ஸுக்கு ஐந்து. மீதி ஐந்தை டெல்லி நேர்காணலுக்கு வைத்திருங்கள். பொங்கலுக்கு ஊர் போகிற எண்ணம் இருந்தால் இந்த வருஷம் அதை வீட்டில் பேசிவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி தன் ஏழு பாட டைம்டேபிளைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நேற்று இரவு ஒரு படம் அனுப்பினார். ஏ4 தாள், மேலே சிலபஸ் வரி, கீழே பிரிவு 200 பற்றி அவருடைய முதல் விடை. மூலையில் "7 நி, 58 சொல்" என்று எழுதியிருந்தது. முதல் வரி: "பிரிவு 153-இன்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும்..." அந்த வரியை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாழன் இரவு மறுபடி எழுதுகிறார்.